கொஞ்சம் இறங்கிய காந்தாரம்

பாடகி பாடி முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அவர் குரல் மட்டும் கணினியில் இருக்கிறது. மறுநாள் ஒருவர் அந்தக் குரலைத் திரையில் திறந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து, எங்கெங்கே சுருதி விலகியிருக்கிறது என்று தேடுகிறார். இன்றைக்கு வெளியாகும் சினிமாப் பாட்டு, ஆல்பம் பாட்டு, விளம்பரப் பாட்டு ஆகியவற்றில் ஏராளமானவை இந்த மேசையைத் தாண்டித்தான் நம் காதுக்கு வருகின்றன. "ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி சேர்ந்துவிடுமாமே" என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அப்படி ஒரு பட்டன் இருக்கத்தான் செய்கிறது. தட்டினால் சுருதி சேரும்; பாடியது யார் என்பதுதான் தெரியாமல் போகும்.

முதலில், விலகல் என்றால் எவ்வளவு? கீபோர்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு சென்ட் என்று சொல்கிறார்கள். 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஸ்வரம் 15 சென்ட் இறங்கினால் 436 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் நிற்கும். நீட்டிப் பிடித்த ஸ்வரம் இந்த அளவு இறங்கினால் சங்கீதம் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும். அதே 15 சென்ட், ஓடிக் கடக்கும் ஒரு சின்ன ஸ்வரத்தில் இருந்தால் பாட்டு வாத்தியாருக்குக்கூடத் தெரியாது. விலகல் காதில் உறுத்துமா என்பதை சென்ட் கணக்கு மட்டும் சொல்வதில்லை. அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அடியில் என்ன வாத்தியம் ஒலிக்கிறது, அது வரியின் நடுவா முடிவா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் காது முடிவு செய்கிறது.

திரைக்கு இதெல்லாம் தெரியாது. மெலடைன் போன்ற மென்பொருளில் குரலைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு குமிழாகத் தெரியும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீட்டர் நொய்பெக்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2001-ல் வெளியுலகுக்குக் காட்டியது அது. குமிழின் உயரம் சுருதியைக் காட்டும், பருமன் சத்தத்தைக் காட்டும். குமிழுக்கு உள்ளே ஒரு மெல்லிய கோடு நெளிந்து நெளிந்து போகும். அந்தக் கோடுதான் பாடகர் உண்மையில் பாடியது. குமிழ் என்பது, இவர் இந்த ஸ்வரத்தைத்தான் பாட நினைத்திருப்பார் என்று மென்பொருள் செய்துகொண்ட ஊகம்.

அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால் அதில் மூன்று சங்கதிகள் கலந்திருப்பது தெரியும். ஸ்வரம் மொத்தத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது ஒன்று. அதை மையம் என்று வைத்துக்கொள்வோம். நீட்டிப் பிடிக்கும்போது மூச்சு குறையக் குறையக் குரல் மெதுவாக இறங்குவது, அல்லது உற்சாகத்தில் ஏறுவது இரண்டாவது. இது சரிவு. மூன்றாவது, வேகமான அசைவு. ஒரு நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் போய்வருகிற அந்த நடுக்கம்தான் குரலுக்கு உயிர்க்களை தருகிறது. மேற்கத்தியப் பாடகர்கள் விப்ராட்டோ என்று சொல்வது இதைத்தான். நம் பாடகர்களிடம் இதுவும் உண்டு, இதைவிட அகலமான கமகமும் உண்டு. இவை தவிர ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி இருக்கிறது. சிலர் கீழிருந்து இழுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். சிலர் நேராக வந்து விழுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒரு குரலை இன்னார் என்று நாம் அடையாளம் காண்பதில், குரலின் நாதத்துக்கு அடுத்தபடி இந்த வழிக்கும் அசைவுக்கும்தான் பங்கு அதிகம்.

இலேசாகச் சுருதி விலகிய குரலில் பெரும்பாலும் கோளாறு மையத்தில் இருக்கும். சில நேரம் சரிவில் இருக்கும். அசைவிலும் வழியிலும் அநேகமாக எதுவும் கெட்டிருக்காது. பட்டன் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சமமாக்கிவிடுகிறது.

பட்டன் என்று நான் சொல்லும் சங்கதி 1997-ல் வந்தது. ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர், எண்ணெய்க் கம்பெனிக்காக நிலத்துக்கு அடியில் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலைகளை அலசிப் பாறை அடுக்குகளைக் கண்டறியும் வேலையில் இருந்தவர். அலைக்குள் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைத் தேடிப் பிடிக்கிற அந்தக் கணக்கை மனிதக் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். அதுதான் ஆட்டோ-ட்யூன். குரல் வரவர, பக்கத்தில் இருக்கும் சரியான ஸ்வரத்துக்கு அது குரலை இழுத்துவிடும். எவ்வளவு அவசரமாக இழுக்க வேண்டும் என்பதற்கு ரீட்யூன் ஸ்பீட் என்று ஒரு திருகு உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வெட்டி வெட்டித் தாவும். 1998-ல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்; உலகமே அந்த இயந்திரக் குரலைப் பின்பற்றக் கிளம்பியது. அது ஒரு ரசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்தக் கட்டுரையின் விஷயம் அதற்கு நேர் எதிரான வேலை. திருத்தியிருக்கிறார்கள் என்பதே தெரியாதபடி திருத்துவது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து கட்டை சுருதியில், அதாவது கீபோர்டின் ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிய மோகன ராகச் சாயல் மெட்டு. பின்னணியில் கிட்டார், கீபோர்டு, பேஸ். பாடியவர் இளம் பாடகி. பாவம் நன்றாக வந்த டேக்கை இசையமைப்பாளர் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் பல்லவியின் கடைசி வார்த்தை 'தூரமே' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. 'தூ' காந்தாரத்தில், 'ர' பஞ்சமத்தைத் தொட்டு, 'மே' மறுபடி காந்தாரத்தில் நீண்டு நிற்க வேண்டும்.

"அந்த 'மே' இறங்கிடுச்சு இல்லண்ணா? இன்னொரு டேக் போகட்டுமா?" என்று பாடகி கேட்டிருந்தால் அதுதான் முதல் வழி. அவர் இன்னும் மைக் முன்னால் நிற்கிறார் என்றால் எந்த மென்பொருளையும்விட இன்னொரு டேக் நல்லது. இந்த உதாரணத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார். சரி, இரண்டாவது வழி, அவரே பாடிய மற்ற டேக்குகளில் அந்த வார்த்தை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. பல டேக்குகளிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டுவதை ஸ்டுடியோவில் காம்ப் செய்வது என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று, சுருதி சுத்தமாக விழுந்த டேக்கில் அந்த ஏக்கம் இல்லை. அதற்குப் பிறகுதான் மெலடைனைத் திறக்க வேண்டும்.

திறந்தவுடன் கையை வைக்கக் கூடாது. மென்பொருள் தன் ஊகத்தைச் சரியாகச் செய்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காற்று கலந்து பாடிய இடத்திலும், தொண்டை கரகரத்த இடத்திலும் அது ஒரு ஸ்தாயி தவறிப்போய்க் குமிழைக் கீழே போட்டுவிடும். 'ச', 'ஸ' போன்ற சீறும் ஒலிகளுக்குச் சுருதியே கிடையாது. அவற்றையும் மூச்சு இழுக்கும் சத்தத்தையும் ஸ்வரம் என்று அது எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குறியீட்டை மாற்ற வேண்டும். அடித்தளம் தவறாக இருந்தால் மேலே செய்யும் திருத்தம் எல்லாமே தவறாகப் போகும்.

இப்போது 'தூ'. திரை இது 22 சென்ட் இறங்கியிருக்கிறது என்று சொல்கிறது. பட்டனைத் தட்டினால் 22 சென்ட் ஏற்றிவிடும். ஆனால் கோட்டைப் பாருங்கள். பாடகி ரிஷபத்தின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து காந்தாரத்தில் சேர்கிறார். மொத்தம் 600 மில்லிநொடி நீளமுள்ள ஸ்வரத்தில் முதல் 150 மில்லிநொடி அந்த இழுவை. அது சராசரியாக 80 சென்ட் கீழே இருக்கிறது. மிச்சம் 450 மில்லிநொடியும் குரல் வெறும் 3 சென்ட் கீழே, அதாவது கிட்டத்தட்ட சரியான இடத்தில், நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 22 வருகிறது. அந்தக் கணக்கை நம்பி ஏற்றினால், நன்றாக நின்ற பகுதி 19 சென்ட் மேலே போய்விடும். சரியாக இருந்த ஸ்வரம் ஷார்ப் ஆகிவிடும். இழுவை ஒரு பிழை அல்ல, அது அவருடைய பாணி. ஆகவே 'தூ'வைத் தொடவே தேவையில்லை. உண்மையிலேயே நின்ற பகுதி விலகியிருந்தால், இழுவை முடியும் இடத்தில் குமிழை வெட்டி, நின்ற பகுதியை மட்டும் நகர்த்த வேண்டும்.

'ர' 9 சென்ட் மேலே இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு நொடி நேரம்தான் ஒலிக்கிறது. விட்டுவிடலாம்.

'மே'தான் வேலை. இது 2.4 நொடி நீளம். தொடக்கத்தில் 6 சென்ட் கீழே இருக்கிறது. மூச்சு தீரத் தீரச் சரிந்து முடிவில் 34 சென்ட் கீழே போய்விடுகிறது. கடைசி ஒரு நொடியில் அழகான அசைவு ஒன்று தானாக வந்திருக்கிறது. இங்கே பட்டனைத் தட்டினால் மையம் மட்டும் உயரும், சரிவு அப்படியே நிற்கும்: தொடக்கம் மேலே, முடிவு கீழே என்று இரண்டு பக்கமும் கெடும். வேகமாக இழுக்கும் ஆட்டோ-ட்யூனைப் போட்டால் சரிவு போய்விடும், கூடவே அசைவும் போய்விடும். தட்டையான ஒரு கம்பிபோலக் குரல் நிற்கும்.

செய்ய வேண்டியது, சரிவை மட்டும் தனியாகப் பிடிப்பது. மெலடைனில் அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. வேகமான அசைவைத் தொடாமல் மெதுவான நகர்வை மட்டும் அது குறைக்கும். சரிவைப் பாதியாக்கினால் 6-லிருந்து 34 வரை இறங்கியது, 13-லிருந்து 27 வரை என்று ஆகும். பிறகு முழு ஸ்வரத்தையும் 15 சென்ட் ஏற்றினால் தொடக்கம் 2 சென்ட் மேலே, முடிவு 12 சென்ட் கீழே. பூஜ்யத்துக்கு ஏன் கொண்டுபோகவில்லை? தூரத்தைப் பற்றிப் பாடுகிற ஒரு வார்த்தையின் கடைசியில் குரல் கொஞ்சம் சோர்ந்து இறங்குவது பொருளோடு சேர்ந்தது. 34 சென்ட் இறங்கியபோது காது பாட்டை விட்டுச் சுருதியைக் கவனித்தது. 12 சென்ட் இறங்கும்போது அது ஏக்கமாகக் கேட்கிறது. எண்ணைப் பார்த்து இந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பின்னணி வாத்தியத்தோடு சேர்த்துக் கேட்டு, உறுத்தல் நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண் காதை ஏமாற்றும். குமிழ் கோட்டுக்குக் கீழே தெரிந்தாலே காதுக்கும் இறங்கியதுபோலத் தோன்றும். அனுபவசாலிகள் கேட்கிற நேரத்தில் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவது இதனால்தான்.

ஆக, மூன்று எழுத்தில் ஒன்றைத்தான் தொட்டோம். பாட்டு முழுக்க இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல பாடகரின் பதிவில் குமிழ்களில் பாதிக்கு மேல் நகர்த்தியிருந்தால் திருத்தியவர் திரையைத்தான் திருத்தியிருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

இதுவரை கீபோர்டு சொல்கிற காந்தாரமே சரியான காந்தாரம் என்று எடுத்துக்கொண்டு பேசினோம். அதுவே எல்லா இடத்திலும் செல்லாது. கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியிருக்கிறார்கள். அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரத்தில் விழும். தம்புராவை மீட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டால், தந்தியின் மேல்ஒலிகளில் ஒரு காந்தாரம் தானாக ஒலிப்பது கேட்கும். அது ஸட்ஜத்துக்கு 5/4 என்ற விகிதத்தில் இருக்கிறது. தூரம் 386 சென்ட். கீபோர்டைவிட 14 சென்ட் கீழே. ஐந்து கட்டையில் கணக்குப் போட்டால், 392 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்துக்குத் தம்புரா தரும் காந்தாரம் 490. கீபோர்டு தருவது 494-க்குச் சற்றுக் குறைவு. தம்புராவோடு மட்டும் பாடிய ஒரு விருத்தத்தையோ ஆலாபனையையோ மென்பொருளில் திறந்தால், சுருதி சுத்தமாக நின்ற காந்தாரங்கள் எல்லாம் 14 சென்ட் இறங்கியதாகக் காட்டும். அதை நம்பித் திருத்தினால், தம்புராவோடு இழைந்து நின்ற குரல் அதோடு மோதத் தொடங்கும். கேட்பவருக்கு என்ன கெட்டது என்று சொல்லத் தெரியாது. சுகம் போய்விட்டது என்பது மட்டும் தெரியும்.

கீபோர்டோ கிட்டாரோ அதே காந்தாரத்தை வாசித்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அங்கே பாடகரும் அதோடுதான் சேர வேண்டும். அதனால் திருத்துகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த இடத்தில் குரலுக்கு அடியில் என்ன ஒலிக்கிறது என்பது. சில நேரம் குற்றவாளி குரலே இல்லை. புல்லாங்குழல் குளிர்ந்த அறையில் இறங்கியிருக்கும். பேஸ் கிட்டாரின் தந்தி தளர்ந்திருக்கும். ஒவ்வொரு வாத்தியமாக மௌனமாக்கிக் கேட்டால் ஆள் அகப்பட்டுவிடும்.

கமகத்துக்கு வந்தால் மென்பொருளின் ஊகம் இன்னும் தடுமாறும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு அது சாதாரண காந்தாரம். பாடும்போது அது ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அகலமாக அசைகிறது. மென்பொருள் இதை ஒரு ஸ்வரமாகப் பார்க்காமல் மூன்று நான்கு குமிழ்களாக வெட்டிவிடும். ஒவ்வொன்றையும் பக்கத்துக் கட்டைக்கு இழுத்தால், வளைந்து ஓடிய கோடு படிக்கட்டு ஆகிவிடும். ஆட்டோ-ட்யூனைப் பன்னிரண்டு ஸ்வரமும் திறந்த நிலையில் போட்டுவிட்டு ஒரு கர்நாடக சங்கீதப் பாடகரின் பிருகாவை அனுப்பினால் நடப்பது இதேதான். சினிமாப் பாட்டிலேயே சில இடங்களில் பிருகா பல் கொட்டியதுபோலத் தொக்கித் தொக்கி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

கமகம் உள்ள இடத்தைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால், வெட்டுப்பட்ட குமிழ்களை மறுபடி ஒட்டி ஒரே குமிழாக்க வேண்டும். அசைவின் மேல் முனை எங்கே தொடுகிறது, கீழ் முனை எங்கே திரும்புகிறது, முடிவில் எந்த ஸ்வரத்தில் போய் இறங்குகிறது என்ற மூன்றையும் காதால் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே அளவில் கீழே இருந்தால் மொத்தத்தையும் ஒரு துண்டாகத் தூக்கலாம். அசைவின் உருவத்தில் கை வைக்க வேண்டியதில்லை. மேல் முனை மட்டும் எட்டவில்லை என்றால் அசைவை அகலப்படுத்தும் கருவி இருக்கிறது; கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம், அது அநேகமாகச் செயற்கையாகத்தான் கேட்கும். முனைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தால் அந்த சங்கதியைப் பாடகர் மறுபடி பாடுவதைத் தவிர வேறு வழியில்லை. ராகம் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்று சில இசையமைப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்குக் கமகம் நடுக்கமாகத்தான் தெரியும்.

திருத்தம் வெளியே தெரிந்துவிட்டதா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே குரல் 'டக்'கென்று தாவினால், யாரோ வழியைச் சமப்படுத்திவிட்டார்கள். நீண்ட ஸ்வரத்தில் குரல் ஆர்மோனியம்போல நின்றால், அசைவைக் கொன்றுவிட்டார்கள். சீறும் எழுத்து மழுங்கி மழலைபோலக் கேட்டால், சுருதியில்லாத ஒலியையும் சேர்த்து நகர்த்தியிருக்கிறார்கள். குரல் சட்டென்று சின்னப் பிள்ளைக் குரலாகவோ குடத்துக்குள்ளிருந்து வருவதாகவோ மாறினால், சுருதியோடு தொண்டையின் உருவமும் நகர்ந்திருக்கிறது. நம் குரலில் உயிரெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வுத் தொகுப்புகள் தொண்டை, வாய் இவற்றின் அளவைப் பொறுத்தவை. ஃபார்மன்ட் என்பார்கள். சுருதி ஏறினாலும் இறங்கினாலும் அவை கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்க வேண்டும். இன்றைய மென்பொருள்கள் அவற்றைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் ஒரு முழுக் கட்டைக்கு மேல் நகர்த்தினால் குரலின் முயற்சிக்கும் உயரத்துக்கும் பொருத்தமில்லாமல் போவது கேட்கத் தொடங்கும். மேல் ஸ்தாயி ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கும் பாடகரின் தொண்டையில் ஓர் இறுக்கம் இருக்கும். கீழே பாடியதை மேலே தூக்கி வைத்தால் அந்த இறுக்கம் அதில் இருக்காது.

இன்னொரு தொல்லை, குரலோடு சேர்ந்து பதிவான வேறு சத்தம். பாடகரின் ஹெட்போனிலிருந்து தம்புராவோ கிட்டாரோ கசிந்து மைக்கில் ஏறியிருந்தால், குரலை நகர்த்தும்போது அந்தக் கசிவும் நகரும். பின்னணியில் ஏற்கெனவே இருக்கும் சரியான தம்புராவோடு விலகிய தம்புரா ஒன்று சேர்ந்து அலையலையாக ஒலிக்கும். அறையின் எதிரொலி பதிவானாலும் இதே கதிதான். அதனால் சுருதித் திருத்தம் எப்போதும் முதல் வேலையாக, வெறும் குரலில் நடக்க வேண்டும். எதிரொலி சேர்ப்பது, சத்தத்தைச் சமன்படுத்துவது எல்லாம் அதற்குப் பிறகு.

கோரஸ் குரல்களில் கையை இன்னும் சுருக்க வேண்டும். எட்டுப் பேர் ஒரே வரியைப் பாடும்போது ஒருவர் 5 சென்ட் மேலே, இன்னொருவர் 8 சென்ட் கீழே என்று இருப்பதால்தான் அது கூட்டமாகக் கேட்கிறது. எட்டையும் பூஜ்யத்தில் வைத்தால் ஒரே ஆள் தடித்த குரலில் பாடுவதுபோல ஆகிவிடும்.

திருத்தும் வேலையில் பாதியைப் பதிவின்போதே தவிர்த்துவிடலாம். பாடகர் ஒரு பாட்டு முழுக்க ஒரே பக்கமாக, அதாவது எல்லா ஸ்வரத்திலும் கீழேயோ எல்லாவற்றிலும் மேலேயோ, விலகியிருந்தால் காரணம் பெரும்பாலும் தொண்டையில் இருக்காது, ஹெட்போனில் இருக்கும். சத்தம் மிக அதிகமாக இருந்தால் காது சுருதியைச் சரியாக எடைபோடாது. தன் குரலே காதை அடைத்தால் பின்னணியின் சுருதி கேட்காது. குரலைக் கொஞ்சம் குறைத்து, கிட்டாரையோ கீபோர்டையோ தெளிவாகக் கேட்க வைத்து, ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிப் பாடச் சொன்னால் பலருக்கு அந்த நிமிடமே சுருதி நேராகிவிடும். பழைய பாடகர்கள் ஒரு காதைத் திறந்து வைத்தே பாடுவதை நிறையப் புகைப்படங்களில் பார்க்கலாம்.

வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் இதற்காகப் பெரிய செலவில் இறங்க வேண்டியதில்லை. ரீப்பர் மென்பொருளோடு ரீட்யூன் என்ற கருவி சேர்ந்தே வருகிறது. ஆப்பிளின் லாஜிக் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸின் பெரிய பதிப்புகளில் வேரியாடியோ. மெலடைன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் மிக மலிவான பதிப்பில் ஸ்வரத்தை மேலே கீழே நகர்த்தலாம், சரிவையும் அசைவையும் தனித்தனியாகப் பிடிக்கும் கருவிகள் இல்லை. மேலே 'மே'வுக்குச் செய்த வேலைக்கு அடுத்த பதிப்பு வேண்டும். எதை வைத்துச் செய்தாலும் திருத்தாத குரலை இன்னொரு ட்ராக்கில் அப்படியே வைத்திருங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்க அது வேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு மணி நேரம் குமிழ்களை நகர்த்திய காதுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி அன்றைக்குக் கிடையாது, மறுநாள் காலையில் கேளுங்கள். திருத்திய இடங்களில் சிலவற்றைப் பழையபடியே திருப்பி வைக்கத் தோன்றும். அப்போது அந்தப் பழைய ட்ராக் கையில் இருக்க வேண்டும்.